மாங்கொட்டை, பலாக்கொட்டை, புளியங்கொட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைக்காரர்கள், பண்ருட்டிப் பலாச்சுளை வியாபாரிகள், தருமபுரியில் வீட்டில் புளி தட்டுகிறவர்கள், சமையலறைக் குப்பையைப் பார்த்து மனசு கேட்காத இல்லத்தரசிகள் என்று பலரும் கேட்ட கேள்விகள் இவை. மூன்றுமே கொட்டைதான் என்றாலும் மூன்றின் கதையும் வேறு. மாங்கொட்டை ஈரத்தோடு வந்து இரண்டே நாளில் புளிக்கும். பலாக்கொட்டை உயிரோடு வந்து முளைக்கப் பார்க்கும். புளியங்கொட்டை காய்ந்தே வந்து மாதக்கணக்கில் காத்திருக்கும். எதை என்ன செய்யலாம் என்பதில் பாதிக்கு மேல் இந்த ஈரமே தீர்மானித்துவிடுகிறது.

சீசனில் எங்க ஆலையில தினமும் டன் கணக்கில் மாங்கொட்டை சேருது சார். பருப்புக்கு விலை இருக்குன்னு சொல்றாங்க. உண்மையிலேயே இதில் காசு இருக்கா?

இருக்கிறது. ஆனால் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஒரு டன் ஈரக் கொட்டையை எடுத்துக்கொள்வோம். பெங்களூரா ரக மாங்கொட்டை ஒன்று ஈரத்தில் சுமார் 50 கிராம் என்றால், அது 20,000 கொட்டை. ஒட்டியிருக்கும் சதையைக் கழுவி வெயிலில் காயவைத்ததும் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும், அதாவது 500 கிலோ. அதை உடைத்தால் பாதி ஓடு, பாதி பருப்பு. கையில் நிற்பது 250 கிலோ காய்ந்த பருப்பு. ரகத்தைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும், குறையும்.

இப்போது கூலியைப் பாருங்கள். பழகிய கை ஒரு கொட்டையைப் பத்து வினாடியில் உடைத்துப் பருப்பை எடுத்தாலும், 20,000 கொட்டைக்கு 55 மணி நேரம் ஆகிறது. நாளுக்கு ஏழு மணி நேர வேலை என்றால் எட்டு ஆள். கழுவவும் களத்தில் பரப்பிக் கிளறவும் இன்னும் நாலு ஆள் வையுங்கள். கூலி 400 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 4,800 ரூபாய், கிலோவுக்கு 19 ரூபாய்க்கு மேல். சாக்கு, வண்டி வாடகை எல்லாம் இதற்கு வெளியே. உங்கள் ஊர்க் கூலியைப் போட்டு இதே கணக்கைச் செய்துவிட்டு, வாங்குகிறவர் சொல்லும் விலை அதற்கு மேலே நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் உடைக்கும் இயந்திரம் இல்லாமல் இந்த வேலைக்குப் போகக் கூடாது.

பலர் விட்டுவிடுகிற இன்னொரு வரவு ஓடு. அந்த 250 கிலோ ஓடு நார் நிறைந்த நல்ல விறகு. கூழைச் சூடாக்க உங்களிடமே பாய்லர் இருக்கிறது. விறகு வாங்கும் செலவில் அந்த அளவு குறைகிறதே, அதையும் வரவில் எழுதுங்கள். பருப்பை விற்க வழியில்லாத சின்ன ஆலைகள், கொட்டையை முழுசாகக் காயவைத்து எரித்தாலே குப்பை வண்டிக் கூலியாவது மிஞ்சும்.

மாங்கொட்டைப் பருப்பில் எண்ணெய் இருக்கிறதாமே, அதை மரச்செக்கில் ஆட்ட முடியாதா?

ஆட்டலாம். எண்ணெய்தான் வராது. கடலையில் பாதிக்குப் பாதி எண்ணெய் இருப்பதால் செக்கு வேலை செய்கிறது. காய்ந்த மாங்கொட்டைப் பருப்பில் இருப்பது பத்து சதவீதத்தை ஒட்டிய கொழுப்பு. நல்ல எக்ஸ்பெல்லரில் பிழிந்தாலும் பிண்ணாக்கில் ஆறேழு சதவீதம் தங்கிவிடும். பத்தில் ஏழு பிண்ணாக்கிலேயே போய்விட்டால் மின்சாரச் செலவுக்குக்கூடக் கட்டாது. அதனால் இதைக் ஹெக்சேன் கரைப்பானில் ஊறவைத்து எடுக்கும் பெரிய ஆலைகள் மட்டுமே செய்கின்றன. அதைச் சின்ன அளவில் வீட்டிலோ கொட்டகையிலோ செய்து பார்க்க வேண்டாம். ஹெக்சேன் ஆவி தரையோடு படர்ந்து எங்கோ இருக்கும் பொறியில் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவு பாடு பட்டு அதை ஏன் எடுக்கிறார்கள் என்றால், அந்தக் கொழுப்பு சாதாரண அறை வெப்பத்தில் வெண்ணெய்போல உறைந்து நின்று, உடல் சூட்டை ஒட்டி உருகும். கோகோ வெண்ணெயின் குணமும் அதுவே. ஐரோப்பிய ஒன்றியம் சாக்லேட்டில் கோகோ வெண்ணெயோடு 5 சதவீதம் வரை சேர்க்க அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளில் மாங்கொட்டைக் கொழுப்பும் ஒன்று. 2000-ஆம் ஆண்டின் சாக்லேட் நெறிமுறையில் அந்தப் பட்டியல் இருக்கிறது. நம் நாட்டில் மத்திய இந்தியக் காட்டுப் பகுதிகளில் சால் மரத்து விதையோடு சேர்த்து இதையும் பொறுக்கி விற்கிறார்கள். ஆக, உங்கள் வேலை எண்ணெய் எடுப்பதல்ல. அந்த ஆலை ஏற்றுக்கொள்ளும்படி காய்ந்த பருப்பைக் கொடுப்பது.

கழுவி வெயிலில் போட்டோம். மேலே காய்ந்த மாதிரி இருந்தது. மூட்டை கட்டினால் பத்து நாளில் பூஞ்சை. எங்கே தப்பு?

ஓடு காய்ந்திருக்கிறது, உள்ளே பருப்பு காயவில்லை. மாங்கொட்டையின் ஓடு தோல்பைபோலப் பருப்பை மூடியிருப்பதால் உள்ளே இருக்கும் ஈரம் மெதுவாகத்தான் வெளியேறும். புதுப் பருப்பில் பாதிக்குப் பக்கம் தண்ணீரே இருக்கும். அதனால் உலர்த்தலை இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும்.

முதலில், கூழ் எடுத்த அன்றே கழுவுங்கள். மறுநாளைக்கு வைத்தால் சதை புளித்து, ஈ மொய்த்து, கழுவும் தண்ணீரும் இரட்டிப்பாகும். கொட்டைகள் ஒன்றோடொன்று உரசும்படி உருளையில் போட்டுச் சுற்றினால் நாரில் ஒட்டிய சதை போய்விடும். அந்தத் தண்ணீரில் சர்க்கரை அதிகம். ஆலையின் கழிவுநீர்த் தொட்டிக்குத்தான் போக வேண்டும், பக்கத்து ஓடைக்கு அல்ல. பிறகு சிமெண்ட் களத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தால் அடியில் உள்ளது அவியும். நல்ல வெயிலில் நாலைந்து நாளில் ஒரு கொட்டையைக் காதருகே குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் சத்தம் கேட்கும். பருப்பு சுருங்கி ஓட்டிலிருந்து விலகிவிட்டது என்று அர்த்தம். அப்போது உடைக்க வேண்டும். அதற்கு முன் உடைத்தால் ஓடு நாராகக் கிழியுமே தவிரப் பிளக்காது.

அத்தோடு முடிந்தது என்று மூட்டை கட்டியதுதான் உங்களுக்கு நடந்தது. உடைத்த பருப்பை இன்னும் இரண்டு, மூன்று நாள் காயவைக்க வேண்டும். கையால் ஒடித்துப் பாருங்கள். வளைந்தாலோ ரப்பர்போல இழுத்தாலோ ஈரம் இருக்கிறது. சடக்கென்று ஒடிந்தால் மூட்டை கட்டலாம். கருவி இருந்தால் ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும்.

ஜூன், ஜூலையில் சாயங்கால மழை வந்து இந்தத் திட்டத்தைக் குலைக்கும். அப்படிப்பட்ட வாரங்களில் வேறு வழி: ஈரமாகவே ஓட்டின் விளிம்பில் கத்தி கொடுத்துப் பிளந்து பருப்பை எடுத்து, பாய்லர் நீராவியில் பத்து நிமிடம் அவித்துவிட்டு உலர்த்துங்கள். பருப்பிலேயே கொழுப்பை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. ஈரமும் அதுவும் சேர்ந்தால் கொழுப்பு அமிலமாகிப் போகும், எண்ணெய் ஆலை விலையைக் குறைக்கும் அல்லது வண்டியைத் திருப்பி அனுப்பும். அவித்தால் அந்த நொதி செத்துவிடும். கூலி கூடும்தான், ஆனால் மழைக்காலச் சரக்கு மொத்தமும் வீணாவதற்கு இது மேல்.

வாங்க வருகிறவர் பருப்பை வெட்டிப் பார்த்துவிட்டு "கறுப்பு" என்று ஒதுக்குகிறார். கறுப்பாக இருந்தால் கெட்டதா?

மேல்பக்கம் மட்டும் பழுப்பாக இருந்தால் கவலைப்பட வேண்டாம். மாங்கொட்டையில் துவர்ப்புப் பொருள் அதிகம், காற்றுப் பட்டதும் நிறம் மாறும், வாழைக்காயை வெட்டி வைத்தால் மாறுவதுபோல. குறுக்காக வெட்டினால் நடுவில் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ இருக்க வேண்டும். உள்ளேயும் கருத்து, ஈர மண் நெடியோ சிக்குப் பிடித்த எண்ணெய் வாடையோ வந்தால் அது கெட்டது. பச்சை, சாம்பல் நிறத் தூள் தெரிந்தால் பூஞ்சை. அதைத் துடைத்துவிட்டு நல்லதோடு கலக்காதீர்கள், ஒரு சாக்கின் கெட்டது பத்து சாக்கின் விலையை இறக்கிவிடும்.

பருப்புக்குள் குடைந்த தடமும் கறுத்த எச்சமும் இருந்தால் மாங்கொட்டை வண்டு. அது பழத்தில் வெளியே தெரியாமல் கொட்டைக்குள்ளேயே வளரும் பூச்சி. இதில் ஆலைக்காரர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: பின்பக்கம் குவித்துப் போட்ட கொட்டையிலிருந்து வளர்ந்த வண்டு வெளியேறிப் பக்கத்துத் தோப்பு மரங்களின் பட்டையில் ஒளிந்திருந்து அடுத்த பூப்பருவத்தில் திரும்ப வரும். உங்களுக்கு மாங்காய் கொடுக்கிற விவசாயியின் தோப்பு அது. விற்கிறீர்களோ எரிக்கிறீர்களோ, குவியலை சீசனோடு காலி செய்துவிடுங்கள்.

அந்தக் காலத்தில் மாங்கொட்டைப் பருப்பைச் சாப்பிட்டார்களே. மாவாக்கி விற்கலாமா?

சாப்பிட்டார்கள், பஞ்ச காலத்தில். சும்மா வறுத்து அல்ல. ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி வடித்து, துவர்ப்பு போனபிறகு கஞ்சி காய்ச்சினார்கள். ஒடிசாவின் மலைக்கிராமங்களில் இன்றும் மழைக்காலத்தில் மாங்கொட்டைக் கஞ்சி உண்டு. அங்கேதான் 2001-இல் காசிப்பூர் பகுதியிலும், 2024-இல் கந்தமால் மாவட்டத்திலும் அந்தக் கஞ்சியைக் குடித்தவர்கள் இறந்துபோனார்கள். ஈரத்தில் பூஞ்சை பிடித்த பருப்பு என்பதே அப்போது பெரிதும் பேசப்பட்டது. பூஞ்சையின் நஞ்சு கொதிக்கவைப்பதால் முழுக்கப் போகாது என்பதை நினைவில் வையுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், ஆலைக் கொட்டையிலிருந்து மனிதர்கள் சாப்பிடும் மாவு செய்வது இப்போதைக்கு வேண்டாம். களத்தில் கிடந்து, மழை நனைந்து, யார் எப்போது உடைத்தார் என்று தெரியாத சரக்கு அது. வீட்டில் சாப்பிட்ட பழத்தின் கொட்டையை அன்றே உடைத்துப் பருப்பை மெல்லியதாக நறுக்கி, கழுவி, உப்புப் போட்டுக் காயவைத்து மோரில் போடுவது வேறு விஷயம். அதில் எந்தக் கொட்டை எப்போது வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

பக்கத்து ஊர்க்காரர் மாட்டுக்குப் போட கொட்டையும் தோலும் கேட்கிறார். கொடுக்கலாமா?

தோலைக் கொடுங்கள், கொட்டையைப் பிரித்துவிட்டு. மாடு மாங்கொட்டையை மெல்லாமல் முழுங்கப் பார்க்கும். அது தொண்டைக் குழாயில் சிக்கினால் ஏப்பம் வெளியே வராமல் வயிறு உப்பி, சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. எச்சில் ஒழுகிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றால், இடது பக்க விலா ஓரம் மேளம்போலப் புடைத்தால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கம்பு விட்டுக் குத்திப் பார்க்கும் பழக்கம் குழாயைக் கிழித்துவிடும். தோலிலும் சர்க்கரை அதிகம் என்பதால் முதல் நாளே கூடைகூடையாகப் போடக் கூடாது. வைக்கோலோடு கொஞ்சமாகத் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போகலாம்.

நர்சரிக்கு விற்க முடியுமா? சந்தூர்ப் பக்கம் ஒட்டுக்கட்ட கொட்டை வாங்குவார்கள் என்கிறார்கள்.

முடியும், ஆனால் அதற்குக் காயவைத்த கொட்டை உதவாது. மாங்கொட்டை உலர்ந்தால் செத்துவிடும் வகை. பழத்திலிருந்து எடுத்த மூன்று, நாலு வாரத்துக்குள் மண்ணுக்குப் போக வேண்டும். கழுவி, நிழலில் மேலீரம் போகும்வரை வைத்து, ஈரச் சாக்கில் கட்டி அந்த வாரமே அனுப்புங்கள். பெங்களூராவின் ஒரு கொட்டையில் ஒரே கன்றுதான் வரும், அது தாய்மரத்தைப்போல இருக்காது. வேர்ச்செடிக்கு அது போதும், மேலே ஒட்டுகிற கிளைதான் ரகத்தைத் தீர்மானிக்கிறது. விதைத்து முளைத்த கன்று செம்பு நிறத்தில் இருக்கும்போதே, பத்துப் பதினைந்து நாள் வயதில், சிலர் மொட்டைத் தண்டில் ஒட்டுக் கட்டிவிடுகிறார்கள்.

உங்கள் ஆலையில் பழத்தை நீராவியில் சூடாக்கிய பிறகு கூழ் எடுக்கிறீர்களா, அல்லது பச்சையாகவே பிழிந்து பிறகு கூழைச் சூடாக்குகிறீர்களா என்பதை முதலில் பாருங்கள். முன்பே சூடுபட்ட கொட்டை முளைக்காது. பச்சையாகப் பிழிந்தாலும் இயந்திரத் துடுப்பில் அடிபட்டு நசுங்கியவற்றைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். ஒரு கூடையை நீங்களே மணலில் ஊன்றிப் பார்த்து முளைப்பு எவ்வளவு என்று சொல்லி விற்றால் அடுத்த வருடமும் வாங்குவார்கள்.

பலாக்கொட்டையை இரண்டு நாளுக்கு மேல் வைத்தால் வழுவழுப்பாகிறது. எப்படி வைத்திருப்பது?

சுளையிலிருந்து எடுத்ததும் கொட்டையைச் சுற்றி வழுக்கலாக ஒரு சவ்வு இருக்கும். அதில்தான் சர்க்கரை ஒட்டியிருக்கிறது, புளிப்பதும் அதுவே. அந்தச் சவ்வை உரித்துவிட்டு, கழுவி, நிழலில் ஒரு நாள் பரப்பி மேல்பக்கம் காய்ந்ததும் வையுங்கள். வெயிலில் போட்டால் வெள்ளை ஓடு வெடித்துப் பருப்பு இறுகும். பழைய முறை, செம்மண்ணைக் குழைத்துப் பூசிக் காயவைத்து மண்பானையில் போடுவது, அல்லது உலர்ந்த மணலில் புதைப்பது. காற்று அதிகம் படாமல், உள்ளீரம் ஓடிப்போகாமல் இந்த மண் காக்கிறது. மாதக்கணக்கில் இருக்கும், இடையில் கிளறி அழுகியதைப் பொறுக்கிவிட்டால். ஃபிரிட்ஜில் துணிப்பையில் போட்டால் ஒரு மாதம் தாங்கும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கக் கட்டினால் வேர்வை பிடித்து முளைக்கும் அல்லது அழுகும்.

பலாக்கொட்டை மாவு வீட்டில் செய்யலாமா? கோதுமையோடு எவ்வளவு கலப்பது?

தாராளமாக. ஒரு கிலோ பச்சைக் கொட்டையில் பாதிக்கு மேல் தண்ணீர். மேல் ஓடும் போய், 350 கிராம் மாவு கிடைத்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

முதல் விதி, பச்சையாக அரைக்கக் கூடாது. பச்சைப் பலாக்கொட்டையில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருளும், ஜாக்கலின் என்ற லெக்டின் வகைப் புரதமும் இருக்கின்றன. இரண்டும் நன்றாக வேகவைத்தால் செயலிழந்துவிடும். குக்கரில் மூன்று விசில் விட்டு, அல்லது திறந்த பாத்திரத்தில் அரைமணி நேரம் வேகவைத்து, சூடு ஆறியதும் வெள்ளை ஓட்டைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். அதற்கு அடியில் பருப்போடு ஒட்டியிருக்கும் பழுப்பு மென்தோலைச் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டாம், மாவின் நிறம் மங்கும், அவ்வளவுதான். பிறகு வில்லையாக நறுக்குவது முக்கியம். முழுசாகக் காயவைத்தால் வெளியே கல்லாக இறுகி, உள்ளே ஈரம் நின்று, ஒரு வாரத்தில் பூஞ்சை மணக்கும். இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் சீவி, இரண்டு நாள் வெயிலில் காய்ந்ததும் பப்படம்போல ஒடியும். அப்போது மில்லில் அரைத்து, சூடு ஆறியபிறகே டப்பாவில் போடுங்கள்.

சப்பாத்திக்கு நாலு பங்கு கோதுமைக்கு ஒரு பங்கு போதும். பலாமாவில் ஒட்டும் புரதம் கிடையாது, அதற்கு மேல் போனால் தேய்க்கும்போதே ஓரம் கிழியும். முறுக்கு, தட்டைக்கு அரிசிமாவோடு இன்னும் கொஞ்சம் தாராளமாகக் கலக்கலாம், அங்கே இழுவை தேவையில்லை. வாயு பிடிக்கிறது என்பார்கள், உண்மைதான். குடலில் செரிக்காத சில சர்க்கரைகள் கிருமிகளால் நொதித்து வருவது அது. பெருங்காயமும் சுக்கும் சேர்ப்பது பழக்கம். குழம்பு வைக்கிறவர்களும் முதல் வேகவைத்த தண்ணீரை வடித்தால் கொஞ்சம் குறைகிறது.

பலாக்கொட்டையில் சாக்லேட் செய்வதாகப் படித்தேன். நிஜமா?

சாக்லேட் வாசனை வருகிறது என்பது நிஜம். பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், கொட்டையைப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்தபோது கோகோவை ஒத்த மணப்பொருள்கள் உண்டானதைக் காட்டினார்கள். ஆனால் கோகோவின் கொழுப்பு இதில் இல்லை, இது பெரும்பாலும் மாவுச்சத்து. அதனால் வாயில் உருகும் கட்டி கிடைக்காது. பாலில் கலக்கும் பொடி, பிஸ்கட் மாவு என்ற அளவில் பாருங்கள்.

நாங்க வீட்டில் புளி தட்டிக் கொடுக்கிறோம் அக்கா. கொட்டை எங்களுக்கே என்று விட்டுவிடுகிறார்கள். மூட்டையாகக் குறைந்த விலைக்குப் போகிறது. நாங்களே ஏதாவது செய்து விற்க முடியாதா?

முடியும், தோல் நீக்கிய பருப்பாகவோ மாவாகவோ. புளியங்கொட்டை எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு அந்தப் பழுப்புத் தோல், மிச்சம் வெள்ளைப் பருப்பு. பருப்பில் பாதிக்கு மேல் சைலோகுளூக்கன் என்ற பசைப்பொருள். தண்ணீரில் வெந்ததும் கஞ்சிபோல விரிந்து, காய்ந்ததும் இழையைச் சுற்றி மெல்லிய படலமாக இறுகும். நூலுக்குக் கஞ்சி போடும் ஆலைகளும் துணியில் அச்சிடுகிறவர்களும் இதைத்தான் வாங்குகிறார்கள்.

தரம் முழுக்க வறுப்பதில் இருக்கிறது. முதலில் தண்ணீரில் போட்டுக் கிளறுங்கள். மிதப்பவை வண்டு தின்றவை. உருண்டையான துளை இருக்கும். மூழ்கியதை வெயிலில் உலர்த்தி, கனமான வாணலியில் மணலைச் சூடாக்கி அதில் வறுங்கள். தோல் வெடிக்கும் சத்தம் வரத் தொடங்கியதும் கவனமாக இருங்கள். ஒன்றை எடுத்துத் தட்டினால் தோல் செதிலாக உதிர வேண்டும், உள்ளே பருப்பு பாலாடை நிறத்தில் இருக்க வேண்டும். பருப்பு சிவந்துவிட்டால் பதம் தாண்டிவிட்டது. தோல் சுலபமாக வரும், ஆனால் பசைப்பொருள் சூட்டில் உடைந்து கஞ்சி கெட்டியாகாது, துணியில் மஞ்சள் கறையும் விழும். உரலில் லேசாக இடித்து முறத்தில் புடைத்தால் தோல் பறந்துவிடும். கொஞ்சம் தோல் கலந்தாலும் மாவு பழுப்பாகி விலை இறங்கும் என்பதால், பருப்பை வெளிச்சத்தில் ஒருமுறை பரப்பிப் பொறுக்குவது கூலிக்கு நியாயமான வேலை.

அரைப்பதுதான் கடினம். வீட்டு மிக்ஸிக்கு இந்தப் பருப்பு ஆகாது, கத்தி மழுங்கும். மிளகாய் அரைக்கும் மில்லில் கேட்டால் சம்மதிப்பார்கள், சல்லடையை மாற்றச் சொல்லுங்கள். மாவாக நிறைய நாள் வைக்கவும் வேண்டாம். அதிலும் கொஞ்சம் கொழுப்பு உண்டு, சிக்கு வாடை வந்துவிடும். பருப்பாக வைத்துக்கொண்டு கேட்கும்போது அரைப்பதே நல்லது.

அதில் பசை எப்படிக் காய்ச்சுவது? பொம்மைக்கும் புத்தக பைண்டிங்குக்கும் வேண்டும்.

100 கிராம் மாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். வெந்நீரில் மாவைக் கொட்டினால் வெளியே வெந்து உள்ளே மாவாகவே நிற்கும் கட்டிகள் வரும், எவ்வளவு கிளறினாலும் உடையாது. ஆகவே குளிர்ந்த தண்ணீரில் கால் பாகத்தை எடுத்து மாவைக் கரைத்து, அரைமணி நேரம் ஊறவிட்டு, மிச்சத் தண்ணீரைச் சூடாக்கி அதில் ஊற்றி, அடிபிடிக்காமல் இருபது, இருபத்தைந்து நிமிடம் சிறுதீயில் காய்ச்சுங்கள். முதலில் பால்போல் மங்கலாக இருப்பது போகப்போகக் கண்ணாடித்தன்மை பெறும். கரண்டியைத் தூக்கினால் சொட்டாமல் தொடர்ந்து ஒரு பட்டையாக இறங்கும்போது இறக்கலாம். துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

கர்நாடகத்தில் ஆட்டுமயிர்க் கம்பளி நெய்கிறவர்கள் இந்தப் பசையைப் பாவு நூலில் பூசித்தான் தறியில் ஏற்றுகிறார்கள். ஒடிசாவின் பட்டச்சித்திரத் துணியும் இதோடு சுண்ணப் பொடி சேர்த்துப் பூசித்தான் விறைப்பாகிறது. ஆந்திரத்தின் கொண்டபள்ளிப் பொம்மையில் கை காலை ஒட்டுவது மரத்தூளோடு பிசைந்த இதே பசை. காகிதக்கூழ் பொம்மைக்கும் இதே பதம் போதும், கூழ் வெடிக்கிறது என்றால் பசை தண்ணீராக இருக்கிறது.

இரண்டு நாளுக்கு மேல் நிற்காது. புளித்த வாடையோடு பசை இழுவை விட்டு நீர்த்துப் போனால் கொட்டிவிடுங்கள், அது மீண்டும் கெட்டியாகாது. பைண்டிங் கடைகளில் கொஞ்சம் மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு. குழந்தை வாயில் வைக்கும் பொம்மைக்கு அது வேண்டவே வேண்டாம், அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

புளியங்கொட்டையில் கண் சொட்டு மருந்து இருக்கிறதாமே, வீட்டில் செய்யலாமா?

கூடவே கூடாது. உலர்கண்ணுக்கான சில சொட்டு மருந்துகளில் இந்தப் பசைப்பொருள் சேர்கிறது என்பது சரிதான். ஆனால் அது புரதமும் கொழுப்பும் பிரித்தெடுக்கப்பட்டு, கிருமி நீக்கி, அளவு பார்த்துச் செய்தது. வீட்டு மாவுக் கஞ்சியில் கிருமி செழிப்பாக வளரும். கண்ணில் விட்டால் பார்வையே போகலாம்.

எடுத்த தோலை என்ன செய்வது? மூட்டைமூட்டையாகக் குவிகிறது.

அதில் டானின் நிறைய இருக்கிறது. இயற்கைச் சாயம் போடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கொதிக்கவைத்து வடித்த சாற்றில் படிகாரம் ஏற்றிய பருத்தி நூலை நனைத்தால் பழுப்பு ஏறும், இரும்பு உப்பு சேர்த்தால் சாம்பல் கறுப்புக்குப் போகும். ஈரம் படாமல் வைத்தால் ஒரு வருடமானாலும் கெடாது. வாங்க ஆள் கிடைக்கும்வரை மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குங்கள். மண்ணில் எருவாகப் போடுவதென்றால் நேராகச் செடி அடியில் வேண்டாம், சாணத்தோடு சேர்த்து மக்கவைத்த பிறகு போடுங்கள்.